நாலாம் நம்பர் ஒட்டு அட்டை

தங்கபுஷ்பத்தின் சமையற்கட்டுக்குள் செருப்போடு கால் வைத்தவனுக்கு அன்று சோறு கிடையாது. சட்டம் அவள் போட்டது. கடை முதலாளி ராஜரத்தினமே ஒருநாள் மறந்துபோய் நுழைந்துவிட்டு, அவள் பார்த்த பார்வையில் பின்வாங்கினார். அதை நேரில் பார்த்தேன் நான். அந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த மாதிரிக் காட்சியெல்லாம் ஒரு ஆறுதல்.

ஜவுளிக்கடை அது. தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. கீழே விற்பனை, மாடியில் சரக்கறை, கொல்லைப்பக்கம் மெஸ். முதலாளி திருச்செந்தூர்ப் பக்கம். வேலைக்கு வந்த பையன்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான். ஊரிலிருந்து பையனைக் கூட்டிவந்தால் தங்க இடமும் மூன்று வேளைச் சோறும் கடையே கொடுத்துவிடும்; பையனும் எங்கேயும் போகமாட்டான். அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டவள் தங்கபுஷ்பம். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு பட்டணம் வந்து, சமையற்கட்டை ஒட்டிய அறையில் குடியேறியவள். அந்தக் குழந்தை சரோஜாதேவி நான் சொல்லும் எழுபத்து நாலாம் வருஷத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அறை போகும், அறை போனால் மகளின் படிப்பும் போகும். இது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், முதலாளிக்கு நன்றாகவே தெரியும்.

சுத்தம்தான் அவளுக்கு இருந்த ஒரே கௌரவம். நகையில்லை, நிலமில்லை, பேசிக்கொள்ள உறவில்லை. ஆனால் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். யாராவது சோற்றில் முடி கிடக்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசமாட்டாள்.

அந்த வருஷம் ஆவணியில் அடையாறிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி சேலை எடுக்க வந்தது. நல்ல கைத்தறி, கஞ்சி மொடமொடப்பு குறையாத சேலைகள். மேலேயிருந்து பெட்டியோடு இறக்கி, பெண்ணின் அத்தை முன்னால் விரித்தால், மடிப்பு ஓரமெல்லாம் பொத்தல். பக்கத்தில் பழுப்புப் பழுப்பாகக் கறை வேறு. அடுத்ததை விரித்தோம், அதிலும் அப்படியே. அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டார். முதலாளியின் முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே விசாரணை தொடங்கிவிட்டது. சரக்கறையில் ஏதோ பூச்சி இருக்கிறது, சரி. அது எங்கிருந்து வந்தது? ஆளுக்கொரு யோசனை. சேலை வைக்க அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிற கலீமுல்லா பாய் மைதாப் பசை போட்டு ஒட்டுகிறார், பசைக்குப் பூச்சி வரும் என்றார் ஒருவர். பின்னால் மெஸ்ஸை வைத்துக்கொண்டு பூச்சி வராமல் என்ன செய்யும் என்றார் இன்னொருவர். முதலாளி இரண்டையும் கேட்டுவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

"பெட்டியிலேருந்து வந்திருந்தா பாயோட ஏவாரம் அத்தோட முடிஞ்சுது. மெஸ்லேருந்து வந்திருந்தா மெஸ்ஸ மூடிர வேண்டியதுதான். பயலுவளுக்கு ஓட்டல்ல டோக்கன் வாங்கிக் குடுத்துருவேன்."

தங்கபுஷ்பம் அப்போது மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவருகில் நின்றாள். பானையை அவள் இறக்கி வைக்கவில்லை. அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

இந்த இடத்தில் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராயப்பேட்டையில் ஒரு சந்தில் அவருடைய பெட்டிப் பட்டறை. வாரத்துக்கு இரண்டு முறை சைக்கிள் ரிக்‌ஷாவில் பெட்டிகளை அடுக்கிக் கட்டி, தானும் கூடவே நடந்து வருவார். இறக்கிவிட்டு மெஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்று தண்ணீர் கேட்பார். சொல்லாமலே செருப்பைக் கழற்றிய ஒரே ஆள் என்று தங்கபுஷ்பத்துக்கு அவர் மேல் மரியாதை. அவருடைய மகள் ஜஹனாரா சரோஜாதேவிக்கு ஒரு வகுப்பு மூத்தவள். வருஷா வருஷம் ஜஹனாராவின் பாடப் புத்தகங்கள் அட்டை போட்டு, முனை மடங்காமல், பெட்டிகளோடு பெட்டியாக வந்து சேரும். தங்கபுஷ்பம் ஒருமுறை காசு எடுத்து நீட்டியதற்குப் பாய் ஒரு மாதம் தண்ணீர் கேட்காமல் போனார்.

பூச்சி மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர் சந்திரமௌலி. மயிலாப்பூர்க்காரர், பூச்சியியல் படித்தவர், நெற்றியில் விபூதியும் தோளில் தோல்பையுமாக வந்தார். கொசு அடித்தாலே வீட்டில் திட்டு விழுமாம். தொழில் என்னவென்றால் இது. முதலாளி அன்றைக்கே பம்பை எடுத்து அடித்துத் தள்ளச் சொன்னார். சந்திரமௌலி மசியவில்லை.

"எந்தப் பூச்சின்னு தெரியாம அடிச்சா மருந்துதான் தெண்டம். ராமபாணம்னா ஒரு வைத்தியம், கரப்பான்னா வேற வைத்தியம். முதல்ல யார் குடியிருக்கான்னு பார்த்துண்டு அப்புறம் அடிப்போம்."

பார்ப்பதற்கு அவர் கொண்டுவந்தது ஒட்டு அட்டைகள். ஆமணக்கெண்ணெயில் ரோசனத்தைப் போட்டுக் காய்ச்சிய பசை. ரோசனம் என்றால் பிடில் வில்லில் தேய்ப்பார்களே, அந்தக் கட்டி. அதை அட்டைத் துண்டின் நடுவில் தடவி, தூசி விழாமலிருக்கக் கூடாரம் மாதிரி மடித்து, தரையும் சுவரும் சேருகிற மூலையை ஒட்டி வைத்தார். பூச்சி நடு அறையில் உலாவாது, சுவரை உரசிக்கொண்டுதான் போகும் என்றார். இது பூச்சியை ஒழிக்கிற சாமான் இல்லை, சேதி சொல்கிற சாமான் என்றும் சொன்னார். எந்த ஜாதி, எத்தனை, குஞ்சா பெரிதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்துக்கு முன்னால் ஒரு வாரம், மருந்துக்குப் பின்னால் அதே இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அதனால் யாரும் அட்டையைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, அதன் மேல் மருந்தோ தண்ணீரோ படக்கூடாது.

மாடிச் சரக்கறையில் பெட்டி அடுக்கிய ஜன்னல் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் அட்டைகள். சமையற்கட்டில் பாத்திர அலமாரிக்குப் பின்னால் நாலாம் நம்பர். சரக்கறையின் மறுகோடியில், பையன்கள் மத்தியானம் சாப்பிடுகிற மூலையில் ஐந்தாம் நம்பர்.

சரக்கறையில் எதற்குச் சாப்பாடு என்று கேட்பீர்கள். முதலாளியின் உத்தரவு. விற்பனை சூடாக இருக்கிற நேரத்தில் பையன்கள் மெஸ்ஸுக்கு இறங்கி வந்து ஏறினால் நேரம் வீண். அதனால் தங்கபுஷ்பம் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் பின்படி வழியாக மேலே சுமந்துபோய், மூலையில் வைக்கோல் பிரிமணை போட்டு அதன்மேல் உட்கார வைப்பாள். பானை சரியாமல் உட்காரப் பிரிமணையை விட்டால் வேறு எதுவும் ஆகாது என்பது அவள் கட்சி. சாயங்காலம் பானையும் பிரிமணையும் கீழே வரும். பிரிமணைகளை அலமாரிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைப்பாள். மேல்தோற்றத்துக்கு அவையும் சுத்தமாகத்தான் இருந்தன.

அட்டை வைத்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு அமளி ஓய்ந்ததும், அவள் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். இது எல்லாம் பின்னால் அவளே எனக்குச் சொன்னது. நாலாம் நம்பர் அட்டையில் இடமில்லை. சின்னச் சின்னப் பழுப்புக் கரப்பான்கள், பிடரியில் இரண்டு கறுப்புக் கோடு போட்டவை. எள் அளவு குஞ்சு முதல் இறக்கை முளைத்த பெரிசு வரை. ஒன்று வாலில் முட்டைப் பையோடு இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இத்தனை வருஷமும் இந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு அடுத்தவன் செருப்பைப் பற்றிப் பேசியிருக்கிறோமே என்று உடம்பு கூசியது. பிள்ளைகள் தின்ற சோற்றை நினைத்துக்கொண்டாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, முதலாளியின் டோக்கன் பேச்சோடு சேர்ந்து.

ஒரு விளக்குமாற்று ஈர்க்கை உருவி, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து அடுப்பில் போட்டாள். மேலே பாத்திரம் எடுக்கப் போனபோது ஐந்தாம் நம்பரைப் பார்த்தாள். அதிலும் அதே கூட்டம். அதையும் முந்தானையில் மறைத்து எடுத்துவந்து சுத்தம் செய்து, இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவளுடைய மத்தியான வேலை இதுதான். பாத்திரம் தேய்ப்பது மாதிரி அட்டை தேய்த்தாள் என்று நான் பிற்பாடு கேலி செய்யப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வாரம் முடிந்து சந்திரமௌலி வந்து அட்டைகளைத் திறந்தார். பெட்டிப் பக்கத்து அட்டைகளில் ராமபாணம் சில இருந்தன. வெள்ளிப் பளபளப்பும் வால்பக்கம் மூன்று முடியுமாக இருக்குமே, பழைய புத்தகத்தைத் திறந்தால் நெளிந்து ஓடுமே, அது. சமையற்கட்டு அட்டையில் இரண்டு எறும்பு. மூலை அட்டையில் ஒன்றுமில்லை. சமையற்கட்டில் ஒரு கரப்பான்கூட இல்லையா என்று அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். தங்கபுஷ்பம், தான் சுத்தமாக வைத்திருப்பதாகச் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு சேதத்துக்கு இந்தச் சில ராமபாணம் போதுமா என்று மனசுக்குள் ஒரு நெருடல் இருந்ததாம். ஆனால் முதலாளி பக்கத்தில் நின்று ஒரு பெயர் கேட்டுக்கொண்டே இருந்தார். கஞ்சியையும் பசையையும் தின்கிற பூச்சி, பெட்டிக்குப் பக்கத்தில் பிடிபட்டிருக்கிறது. ராமபாணம் என்று சொல்லிவிட்டார்.

பாய் அன்று பெட்டி கொண்டுவந்த நாள். ரிக்‌ஷாவிலிருந்து இறக்கவே விடவில்லை. வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் வைத்தே, பூச்சி வளர்த்து விற்கிறாயா என்று கேட்டார் முதலாளி. தீபாவளிக்கென்று சொல்லியிருந்த பெட்டிகள் அத்தனையும் வேண்டாம் என்றார். பாய் குரலை உயர்த்தவில்லை.

"பசையில மயில்துத்தம் போட்டுத்தான் காய்ச்சறேன் அண்ணாச்சி. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். எறும்புகூட வாய் வைக்காது. பட்டறைக்கு ஒருதபா வந்து பாருங்க."

வந்து பார்க்க முதலாளிக்கு நேரமில்லை. பாய் சுற்றிலும் பார்த்தார். கொல்லைக் கதவருகில் தங்கபுஷ்பம் நின்றிருந்தாள்.

"நீ சொல்லு தங்கச்சி. இத்தினி வருஷமா என் பெட்டி உன் கண்ணு முன்னாலதானே வந்துகினு கீது?"

அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நானும் பில் புத்தகத்தைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லோருமே அன்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே ரிக்‌ஷாவைத் திருப்பச் சொன்னார். அன்று தண்ணீர் கேட்கவில்லை.

சந்திரமௌலி ஆட்களோடு வந்து பெட்டி அலமாரியைக் காலி செய்து, இடுக்கெல்லாம் பவுடர் தூவி, ஈரக்காற்று தேங்காமல் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி அதே இடங்களில் புது அட்டைகள். தங்கபுஷ்பம் மறுபடி ஈர்க்கை எடுத்தாள். ஒருமுறை செய்துவிட்டால் நிறுத்த முடியாத வேலை அது. நிறுத்தினால் முன்பு செய்தது தெரிந்துவிடும். வாரம் கழித்துப் பார்த்தபோது ராமபாணமும் போயிருந்தது. ஐந்து அட்டையும் காலி. முதலாளி காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

சரோஜாதேவி, மற்றப் புத்தகமெல்லாம் வந்தாயிற்று, ஜஹனாரா அக்காவின் கணக்குப் புத்தகம் மட்டும் இன்னும் வரவில்லையே என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். பாய்க்கு வேலை அதிகம் என்று தாய் சொல்லிவைத்தாள்.  வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவருக்கு வேலை அதிகம் என்று சொல்ல வேண்டியதாயிற்றே என்று தங்கபுஷ்பம் பிற்பாடு என்னிடம் அழுதாள்.

புரட்டாசி பாதியில், புதிதாக வந்திறங்கிய சேலைகளிலும் பொத்தல் விழுந்தது. முதலாளி போனிலேயே சந்திரமௌலியை உண்டு இல்லை என்று பண்ணினார். மனுஷர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அட்டையெல்லாம் காலி, ஆனால் சேலையில் ஓட்டை. அட்டை சொல்வது சரியென்றால் துணியைத் தின்பது யார்? இந்தத் தடவை அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: ஓட்டை விழுந்த சேலைகள் எந்த அலமாரியில் இருந்தன? பையன்கள் காட்டினார்கள். ஜன்னல் பக்கத்துப் பெட்டி அலமாரி இல்லை, சாப்பாட்டு மூலையை ஒட்டியது.

அவர் ஐந்தாம் நம்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கீழே வந்து, அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு நாலாம் நம்பரையும் எடுத்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் காப்பிக்காக அங்கே போயிருந்தேன். தங்கபுஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையே திரும்பத் திரும்ப ஆய்ந்தாள்.

என்னையும் பார்க்கச் சொன்னார். பசை முழுக்கக் கால்கள். முள்முள்ளாக, ஒடிந்த கரப்பான் கால்கள். கஞ்சி போட்ட துணியைக் கரப்பானும் தின்னுமாம். நீளநீளமான மீசை மயிர்கள். பசையில் மாட்டிய பூச்சியை நெம்பி எடுத்தால் உடம்புதான் வரும், காலும் மீசையும் பசையிலேயே நின்றுவிடும். நடுவில் ஒரு ஈர்க்குத் துணுக்கும் ஒட்டியிருந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் தங்கபுஷ்பத்தைக் கொன்றது.

"அட்டை சரியாத்தான்மா சொல்லியிருக்கு. நான்தான் அன்னிக்கே கண்ணாடி வெச்சுப் பார்க்கல. ஒரு மனுஷனோட பிழைப்பைக் கெடுத்துட்டேன். எனக்கு வெட்கமா இருக்கு."

அவ்வளவு சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து, நாலு என்று பென்சிலால் எழுதி, அவளிடமே கொடுத்தார். வைக்கச் சொன்னார். இரண்டு நாளில் வருவதாகவும், அதுவரை முதலாளியிடம் தான் எதுவும் பேசப்போவதில்லை என்றும் சொன்னார். அவர் போன பிறகு அவள் எழுந்து, அலமாரியை ஒரு சாண் நகர்த்தி அட்டையை வைத்தாள். பிறகு பிரிமணை ஒன்றை ஆணியிலிருந்து எடுத்து வெறும் தரையில் தட்டினாள். வைக்கோலிலிருந்து கொட்டின கரப்பான்களைப் பார்த்து நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தினமும் மத்தியானம் சேலைகளுக்கு நடுவில் அவற்றைத் தலையில் சுமந்துபோய் இறக்கி வைத்தவள் அவள்தான். அப்போதுதான் நடந்தது அத்தனையையும் என்னிடம் சொன்னாள். நான் சமாதானமாக எதுவோ சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

சந்திரமௌலி திரும்பி வருகிறவரை அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே, கடையில் கூட்டம் இருக்கும்போது, நாலாம் நம்பர் அட்டையை ஒரு தட்டில் வைத்து, மூடாமல், முன்கடை வழியாகவே நடந்து வந்தாள். மெஸ்காரி முன்கடைக்கு வருவது வழக்கமில்லை. சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் தட்டைப் பார்த்து விலகினார்கள். முதலாளியின் மேஜைமேல் தட்டை வைத்தாள். அட்டையில் மறுபடி இடமில்லாமல் ஒட்டியிருந்தன, சில இன்னும் அசைந்துகொண்டு.

"இது என் மெஸ்ஸுல பிடிச்சது அண்ணாச்சி. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் பொறக்கிப் போட்டேன். பாய் மேல குத்தமில்ல."

முதலாளிக்கு அவள் சொன்னது இரண்டாம் பட்சம், வாடிக்கையாளர் காதில் விழுந்ததுதான் முதல். தட்டை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, உள்ளே போகச் சொல்லிப் பல்லைக் கடித்தார். அவள் போகவில்லை. பாய்க்குச் சொல்லி அனுப்புவீர்களா என்று கேட்டாள். பார்ப்போம் என்றார். மெஸ்ஸை மூடவில்லை. பெருந்தன்மை என்று நினைக்கவேண்டாம். தீபாவளிக்கு முன்னால் இத்தனை பேருக்கு வேறு எங்கே சோறு போடுவது? உத்தரவு போட்டு மேலே சாப்பிட வைத்தது யார் என்ற கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. சந்திரமௌலி கேட்டிருக்கலாம், நான் கேட்டிருக்கலாம்.

பிரிமணைகள் எரிந்தன. பையன்கள் கீழே வந்து சாப்பிட்டார்கள். பாத்திரமெல்லாம் முற்றத்துக்கு வந்தது, அலமாரியின் இடுக்கு, கதவுச் சந்து, சுவர் வெடிப்பு என்று பார்த்துப் பார்த்து மருந்தடித்தார்கள். அடுத்த அட்டையில் பெரிசுகள் குறைந்துபோயின. அதற்கடுத்ததில் எள் அளவுக் குஞ்சுகள் மட்டும் இருந்தன. முட்டைப் பைக்குள் இருந்ததை மருந்து தொடாது, அது இப்போது பொரித்திருக்கிறது என்று சொல்லி சந்திரமௌலி இன்னொரு தடவை அடித்தார். அதற்குப் பிறகு வைத்த அட்டை காலி. கண்ணாடி வைத்துப் பார்த்தார், ஒரு கால்கூட இல்லை. தங்கபுஷ்பம் அந்த நேரத்தில் சமையற்கட்டில் இருக்கமாட்டாள். அட்டையை எடுக்கிற நாளெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வாள். கடைசிவரை அப்படித்தான்.

முதலாளி பாய்க்குச் சொல்லி அனுப்பவில்லை. சௌகார்பேட்டையிலிருந்து மலிவாகப் பெட்டி வர ஆரம்பித்திருந்தது. தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பம் என்னிடம் ராயப்பேட்டைக்கு வழி கேட்டாள். தனியாகப் போகக் கால் வரவில்லை என்று தெரிந்ததால் கூடவே போனேன்.

பட்டறையில் சத்தமே இல்லை. அட்டை வெட்டுகிற இயந்திரத்தின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. வேலையாட்கள் இருவரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார்களாம். சுவரோரம் கடைக்கென்று செய்த தீபாவளிப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பாய் எங்களை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள்: அட்டை, ஈர்க்கு, அடுப்பு, கதவருகில் வாய் திறக்காமல் நின்றது. சொல்லி முடித்துவிட்டு, திட்டுங்கள் என்றாள்.

பாய் திட்டவில்லை. குனிந்து, பெட்டி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து எதையோ இழுத்தார். ஒட்டு அட்டை. இன்னொரு மூலைக்குப் போய் இன்னொன்று. பசைச் சட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்று. சந்திரமௌலியைத் தேடிப்போய்ப் பசை செய்யக் கேட்டுக்கொண்டு வந்து, புரட்டாசியிலேயே பட்டறை முழுக்க வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, பசை காய்ந்ததும் மாற்றி, பழையதையும் எறியாமல் வைத்திருந்தார். அண்ணாச்சியை வந்து பார்க்கச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினாராம். எல்லாவற்றையும் அவள் முன்னால் தரையில் பரப்பினார். ஒன்றிலும் ஒரு பூச்சி கிடையாது. ஒரு காலும் கிடையாது.

"உன் அட்டையும் காலியா இருந்துச்சு, என் அட்டையும் காலியா கீது, தங்கச்சி. உன்னுத நம்புனாங்க. என்னுத வந்துகூடப் பாக்கல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முதலாளியிடம் காட்டப்போகிறேன் என்றாள். பாய் வேண்டாம் என்று தலையாட்டினார், அவள் கேட்கவில்லை. பசை சேலையில் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து ஜஹனாரா வந்து, கட்டிவைத்திருந்த கணக்குப் புத்தகத்தை நீட்டினாள். அதை வாங்கக் கை நீட்டியபோது, கையிலும் பசை இருப்பதைப் பார்த்துவிட்டுத் தங்கபுஷ்பம் கையை இழுத்துக்கொண்டாள். புத்தகத்தை நான்தான் வாங்கிக்கொண்டேன்.